அட்டையில் ஏறிய தலைப்பு: ரங்கநாதனின் சங்கிலி முறையும் ஒற்றை வரிப் பட்டியலும்

ஒரு தலைப்பு, அதனடியில் உட்தலைப்பு, அதற்கும் உள்ளே சில குறிப்புகள் என்று உள்தள்ளி எழுதிய பட்டியல் ஒரே தாளில் இருக்கும்வரை தொந்தரவு இல்லை. கண் சற்று மேலே போனால் தலைப்பு அகப்பட்டுவிடும். அதே பட்டியலில் ஒரு வரியை மட்டும் பிய்த்து வேறிடத்தில் வைத்தால், அது எதன் கீழ் இருந்தது என்று கேட்க ஆளில்லை. தாய்த்தலைப்பை வரியோடு சேர்த்தே அனுப்பிவிடுவது இதற்கு மாற்று. தாய்த்தலைப்பில் எவ்வளவைச் சேர்ப்பது, முன்னால் வைப்பதா பின்னால் வைப்பதா என்ற கேள்விகளுக்கு முறையாக விடை கண்ட இடங்களில் சென்னைப் பல்கலைக்கழக நூலகம் முக்கியமானது. அந்த வழி இன்றைய கணினிக் குறிப்புகளுக்கும் பொருந்துகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சீர்காழியில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த சீ. இரா. ரங்கநாதன் 1924இல் அந்நூலகத்தின் நூலகராகப் பொறுப்பேற்றார். 1933இல் அவர் வகுத்த கோலன் பகுப்பு முறை அச்சாயிற்று. 1938இல் வெளிவந்த நூலகப் பட்டியல் கோட்பாடு பற்றிய நூலில் சங்கிலி முறையை விளக்கினார். இந்த முறை தோன்றியதற்கு, என் பார்வையில், தத்துவத்தைவிட அட்டைதான் பெரிய காரணம். அச்சிட்ட புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவில் உட்பிரிவுகளை உள்தள்ளி அடுக்கலாம். தாய்ச்சொல் அதே பக்கத்தில் இருக்கும். 5 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் கொண்ட பட்டியல் அட்டையோ அகர வரிசையில் தனியாகச் செருகப்படும். அதற்கு முன்னால் நிற்பது அதன் தாயாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

நூலகவியல் வகுப்புகளில் பலமுறை எடுத்தாளப்பட்ட கோலன் பகுப்பு எண்ணையே பார்ப்போம்: L45:421, அதாவது நுரையீரல் காசநோய். இதை இலக்கம் இலக்கமாக விரித்தால் ஒரு சங்கிலி கிடைக்கும்.

```
L        மருத்துவம்
L4       சுவாச மண்டலம்
L45      நுரையீரல்
L45:     (பொய்க்கண்ணி)
L45:4    நோய்
L45:42   தொற்றுநோய்
L45:421  காசநோய்
```

இது ஆறு நிலை உள்தள்ளிய பட்டியலேதான். நடுவில் உள்ள `L45:` நிறுத்தற்குறியோடு நின்றுவிடுவதால் அதற்குப் பொருளில்லை. அதைப் பொய்க்கண்ணி என்று தள்ளிவிடுவார்கள். யாரும் தேடி வரமாட்டார்கள் என்று தோன்றும் கண்ணிகளும் தள்ளப்படும். மிஞ்சியவற்றைக் கடைசியிலிருந்து மேல்நோக்கிப் படித்து, கண்ணிக்கு ஓர் அட்டை எழுத வேண்டும்.

```
காசநோய், நுரையீரல்      L45:421
தொற்றுநோய், நுரையீரல்   L45:42
நோய், நுரையீரல்         L45:4
நுரையீரல், மருத்துவம்    L45
சுவாச மண்டலம், மருத்துவம்  L4
மருத்துவம்              L
```

முதல் அட்டையில் "காசநோய், தொற்றுநோய், நோய், நுரையீரல், சுவாச மண்டலம், மருத்துவம்" என்று முழு வம்சாவளியும் இல்லை. காசநோய் எலும்பிலும் வரும் என்பதால் எந்த உறுப்பு என்று சொன்னால் போதும். நுரையீரல் விலங்கியலிலும் வரும் என்பதால் அங்கே மட்டும் மருத்துவம் ஒட்டிக்கொள்கிறது. மேற்கண்ணிகளில் அந்தச் சொல்லை மற்றதிலிருந்து பிரித்துக்காட்டத் தேவையானவை எவையோ அவை மட்டும் வரும். அதற்கு மேல் ஒன்றும் வராது. முழுப் பாதையையும் ஒட்டுவது யாருக்கும் தோன்றக்கூடிய யோசனைதான். எதை விடலாம் என்பதற்கு விதி வகுத்ததுதான் ரங்கநாதனின் பங்களிப்பு. இன்னொரு சிக்கனமும் உண்டு. அட்டை நூலுக்காக அன்றி வகுப்புக்காக எழுதப்படுவதால், நுரையீரல் காசநோய் பற்றி அடுத்த நூல் வந்தால் இந்த அடைவில் புது அட்டை எதுவும் சேராது.

தாய்ச்சொல் முன்னால் வராமல் பின்னால் வருவதற்கும் காரணம் உண்டு. "நுரையீரல், காசநோய்" என்று முன்னொட்டாக எழுதி அகர வரிசையில் அடுக்கினால் நுரையீரல் சார்ந்தவை எல்லாம் மறுபடி ஒரே இடத்தில் கூடும். அந்த வேலையைத்தான் நூலகப் பட்டியலின் எண்வரிசைப் பகுதி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறதே! எண்வரிசையில் சிதறிப்போன நுரையீரல் காசநோயையும் எலும்புக் காசநோயையும் அருகருகே கொண்டுவருவது அடைவின் வேலை. ஆகவே மூலப் பட்டியல் வேறிடத்தில் அப்படியே இருக்குமானால் பின்னொட்டு நல்லது. மூலத்தைக் களைந்துவிட்டு ஒற்றை வரிகளை மட்டும் வைத்துக்கொள்ளப் போகிறோம் என்றால் முன்னொட்டுதான் சரி. வரிகளை அடுக்கிய மாத்திரத்தில் பழைய குடும்பங்கள் ஒன்றுசேர்ந்துவிடும்.

கணினிக் குறிப்புகளில் நடப்பது இதுதான். ஆழ்வார்பேட்டை, மயிலாப்பூர்ச் சாலைகளைப் பற்றி ஒருவர் இப்படிக் குறித்துவைத்திருக்கிறார் என்று கொள்வோம்.

```
- ஆழ்வார்பேட்டை
  - டி.டி.கே. சாலை
    - பழைய பெயர்: மவுபரீஸ் சாலை
- மயிலாப்பூர்
  - டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை
    - பழைய பெயர்: எட்வர்ட் எலியட்ஸ் சாலை
```

"பழைய பெயர்" என்று தேடினால் திரையில் இரண்டு அநாதை வரிகள் வந்து நிற்கும். முழு முன்னொட்டோடு தட்டையாக்கினால் `ஆழ்வார்பேட்டை > டி.டி.கே. சாலை > பழைய பெயர்: மவுபரீஸ் சாலை` என்று வரும். ரங்கநாதன் விதிப்படி பார்த்தால் சாலைப் பெயரே போதும். பேட்டையின் பெயரை விட்டுவிடலாம். ஆனால் பட்டியலில் வடக்கு மாட வீதி வந்தால் விட முடியாது. மயிலாப்பூரிலும் உண்டு, திருவான்மியூரிலும் உண்டு. வெட்டியது அதிகமாகிவிட்டதா என்று அறியக் கண்ணை நம்ப வேண்டியதில்லை. மதிப்பை நீக்கிவிட்டு, சுருக்கிய தலைப்புகளை மட்டும் `sort | uniq -d` வழியாக அனுப்பினால் இரட்டையாக வந்தவை வெளிப்படும். அவற்றுக்கு மட்டும் இன்னொரு மேற்கண்ணியைச் சேர்த்தால் போதும்.

வரிசைக்குப் பொருள் இருக்கும் பட்டியலை இப்படிக் கையாளக் கூடாது. சமையல் படிகளைத் தட்டையாக்கி அகர வரிசையில் அடுக்கினால் தாளிப்பது வேகவைப்பதற்கு முன்னால் வந்து உட்காரும். ஒவ்வொரு வரியிலும் படியின் எண்ணையும் ஏற்றினால்தான் தப்பிக்கலாம். தாய்த்தலைப்பு ஒரு முழு வாக்கியமாக இருந்தாலும் முன்னொட்டு சரிவராது. முதலில் அதைப் பெயராகச் சுருக்க வேண்டும்.

சங்கிலி முறை கடல் தாண்டியும் போயிற்று. 1950இல் தொடங்கிய பிரிட்டிஷ் தேசிய நூற்பட்டியல் ஏ. ஜே. வெல்ஸின் பொறுப்பில் இதையே தன் பொருளடைவுக்குக் கைக்கொண்டது. ஆனால் அங்கே இருந்தது தூயியின் தசமப் பகுப்பு. எண்ணின் நீளமும் பொருளின் ஆழமும் அதில் எப்போதும் ஒத்துப்போவதில்லை. சில படிகளுக்கு எண்ணே கிடையாது. சங்கிலி அந்த இடங்களில் அறுந்தது, சொற்களால் ஒட்டுப்போட வேண்டியிருந்தது. வேறொரு குறையும் தெரிந்தது. மேலே உள்ள ஆறு அட்டைகளில் நூலின் முழுப் பொருளைச் சொல்வது முதல் அட்டை ஒன்றே. "நுரையீரல், மருத்துவம்" என்று தேடி வந்தவருக்குக் காசநோய் நூல் இருப்பதை அந்த அட்டை சொல்லாது. எண்ணைப் பிடித்துக்கொண்டு எண்வரிசைப் பகுதிக்குப் போக வேண்டும்.

டெரெக் ஆஸ்டின் உருவாக்கிய பிரெசிஸ் முறை 1971இல் அந்நூற்பட்டியலில் இடம்பிடித்ததற்கு இந்தக் குறையும் ஒரு காரணம். அதில் எந்தச் சொல் முன்னால் நின்றாலும் மற்றச் சொற்கள் எல்லாம் கூடவே வரும். வரிகளைச் சுழற்றி அடுக்கும் வேலையைக் கணினி பார்த்துக்கொண்டது. கையால் எழுதும் அட்டைக்கு அந்த நீளம் கட்டுப்படியாகியிருக்காது. ரங்கநாதனின் சிக்கனம் எழுத்தரின் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டது. கணினி வந்ததும் அந்தக் கணக்கு மாறிவிட்டது.

இன்று முழுப் பாதையை ஒட்டுவதற்குச் செலவில்லை என்பது உண்மைதான். பராமரிப்பில்தான் அது இடிக்கும். உள்தள்ளிய மூலத்தில் ஒரு சாலையின் பெயர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் ஆயிற்று. தட்டையான கோப்பில் அந்தச் சாலையின் கீழ் இருந்த ஒவ்வொரு வரியிலும் திருத்த வேண்டும், ஒன்று விட்டுப்போனால் ஒரே சாலை இரண்டாகப் பிரிந்து நிற்கும். ஆகவே மூலத்தை உள்தள்ளிய வடிவிலேயே வைத்துக்கொண்டு, தேவைப்படும்போதெல்லாம் ஒற்றை வரிகளை அதிலிருந்து புதிதாக எடுத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.