தீர்ப்புக்கு முன் அளவீடு: புனே ஆய்வகமொன்றின் தராசுப் பதிவை முன்வைத்து

பகுப்பாய்வுத் தராசை நாள்தோறும் சரிபார்ப்பது மருந்து, வேதியியல் ஆய்வகங்களில் வழக்கம். எடைக்கல்லை வைத்துத் திரையைப் பார்த்து, படிவத்தில் ‘சரி’ என எழுதிக் கையொப்பமிட்டால் வேலை முடிந்ததாகக் கருதப்படுகிறது. அந்தப் பதிவைக் கொண்டு இன்னொரு பகுப்பாய்வாளர் அதே சோதனையைத் திரும்பச் செய்ய முடியாது. தராசு பிழைத்திருந்தால் எங்கே பிழைத்தது என்றும் அதிலிருந்து அறிய முடியாது. சரிபார்ப்புப் பதிவின் பயன் முடிவில் இல்லை, சரிசெய்வதற்கு முன் தராசு காட்டிய அளவீடுகளில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். புனே போன்ற ஊரில் இதற்குக் கூடுதல் காரணங்கள் உண்டு.

முதற் காரணம் புவியீர்ப்பு. இந்தியாவின் தேசிய கிலோகிராம் படி, 57-ஆம் எண்ணுள்ள உருளை, புதுடெல்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. அதன் வழிவந்த சான்றிதழுடன் ஓர் எடைக்கல்லைப் புனேவுக்குக் கொண்டுவந்தால் அதன் நிறை மாறுவதில்லை. ஆனால் மின்னணுத் தராசு உணர்வது நிறையை அல்ல, நிறையைப் புவி இழுக்கும் விசையை. புனே டெல்லிக்குத் தெற்கே இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 560 மீட்டர் உயரத்திலும் இருக்கிறது. இவ்விரண்டாலும் இங்கே ஈர்ப்பு ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஏழெட்டுப் பங்கு குறைவு. டெல்லியில் சரிசெய்த தராசைப் புனேயில் அப்படியே இயக்கினால் 200 கிராம் கல்லுக்குச் சுமார் 150 மில்லிகிராம் குறைத்துக் காட்டும்.

இப்போது எல்லையைப் பார்ப்போம். அமெரிக்க மருந்துத்தொகையின் 41-ஆம் பொது அத்தியாயம் துல்லியத்துக்கு விதிக்கும் எல்லை 0.10 விழுக்காடு. 200 கிராமுக்கு அது 200 மில்லிகிராம். அதாவது டெல்லியிலிருந்து வந்து இறங்கிய தராசு, ஒருவரும் தொடாமலேயே, அந்த எல்லைக்குள் தேறிவிடும்! ‘சரி’ என்ற பதிவு பொய்யும் அல்ல, பயனுள்ளதும் அல்ல. திரையில் வந்த எண்ணை எழுதியிருந்தால் முந்தைய நாள் எண்ணுடன் ஒப்பிட்ட எவருக்கும் ஒரே பார்வையில் விளங்கியிருக்கும்.

ஊர் மாற்றம் அரிது, அறை மாற்றம் அரிதல்ல. ஒரு மாடி, அதாவது நான்கு மீட்டர், உயர்ந்தாலே 200 கிராமுக்குக் கால் மில்லிகிராம் வேறுபாடு வரும். நான்கு தசம இலக்கத் தராசின் கடைசி இலக்கத்தில் இது இரண்டு மூன்று படி. எனவே தராசின் எண்ணோடு அது நிற்கும் மேசையையும் பதிவில் குறிக்கவேண்டும்.

இனி ஒரு காலைப் பதிவை எடுத்துக்கொள்வோம். விளக்கத்துக்காக அமைத்ததுதான் என்றாலும், ஏப்ரல் மாதப் புனே ஆய்வகத்தில் இப்படி நடப்பதில் புதுமை ஏதுமில்லை. தராசின் கொள்ளளவு 220 கிராம், காட்டும் நுண்மை 0.1 மில்லிகிராம். எடைக்கல் எஃப்1 வகுப்பு, 200 கிராம், சான்றிதழ் மதிப்பு 200.0003 கிராம். ஆய்வகம் தானே வகுத்துக்கொண்ட எச்சரிக்கை எல்லை 1.5 மில்லிகிராம்.

“காலை 9.10. இரவு மின்தடை, தராசு 8.05-க்கு மீண்டும் இயங்கியது. அறை வெப்பம் 28.9 டிகிரி, ஈரப்பதம் 31 விழுக்காடு. மட்டக்குமிழ் நடுவில். தட்டு தூரிகையால் துடைக்கப்பட்டது. எடைக்கல் இரவு முழுவதும் தராசின் அருகில் இருந்தது; இடுக்கியால் எடுத்து வைக்கப்பட்டது. சரிசெய்யும் பொத்தான் அழுத்தப்படவில்லை. மூன்று முறை: 200.0021, 200.0020, 200.0021. கல்லை எடுத்தபின் சுழி: 0.0000, 0.0000, 0.0001. பிழை சுமார் +1.8 மில்லிகிராம், எச்சரிக்கை எல்லையைத் தாண்டியது. கடந்த வாரம் +0.2 முதல் +0.5 வரை, அறை 24 முதல் 25 டிகிரி. தராசு நிறுத்திவைக்கப்பட்டது. 11.00 மணி, அறை 24.8 டிகிரி, சரிசெய்யாமல் மறுபடி: 200.0007. பிழை +0.4. பயன்பாட்டுக்கு விடப்பட்டது.”

இதைப் படிக்கும் இரண்டாமவர் சோதனையைத் திரும்பச் செய்யலாம். காரணத்தையும் தானே சோதிக்கலாம். மூன்று அளவீடுகளும் ஒன்றையொன்று ஒட்டியிருக்கின்றன, சுழியும் திரும்பியிருக்கிறது. ஆகவே தூசியோ காற்றோ நிலைமின்னூட்டமோ காரணமல்ல. பெரும் எடையில் மட்டும் பிழை தெரிகிறது என்றால் தராசின் உணர்திறன் நகர்ந்திருக்கிறது. இத்தகைய தராசுகளில் அது டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு மாறுவது இயல்பு. நான்கு டிகிரி ஏற்றத்துக்கு 200 கிராமில் 1.6 மில்லிகிராம் வரை எதிர்பார்க்கலாம். அறை தணிந்ததும் பிழை இறங்கியது அதை உறுதிசெய்கிறது.

பொதுவாக நடப்பதோ வேறு. காலையில் வந்ததும் முதலில் பொத்தானை அழுத்துவார்கள், பிறகுதான் கல்லை வைப்பார்கள். 9.10-க்கு அப்படிச் செய்திருந்தால் பதிவு அழகாக 200.0003 என்றிருக்கும். சூடான அறைக்கு ஏற்ப ஒழுங்கான தராசு பதினொரு மணிக்குச் சுமார் 1.4 மில்லிகிராம் குறைத்துக் காட்டியிருக்கும், அதை அறிய ஒரு சான்றும் மிஞ்சியிருக்காது. சரிசெய்வது தவறல்ல, சரிசெய்யுமுன் எழுதாததே தவறு.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். 1.8 மில்லிகிராம் பிழையால் அன்றைய வேலைக்கு என்ன கேடு? உண்மையில் கேடில்லை. உணர்திறன் பிழை எடைக்கு விகிதமாக வருவது. 250 மில்லிகிராம் மாதிரியில் அது 0.002 மில்லிகிராம்தான், திரையில் தெரியவே தெரியாது. ஆனால் அதே தராசில் சுழி 0.3 மில்லிகிராம் திரும்பாமல் நின்றால் அந்த மாதிரியில் பிழை 0.12 விழுக்காடு. பெரும்பாலான படிவங்களில் 200 கிராமுக்குக் கட்டம் உண்டு, சுழி திரும்பியதா என்பதற்கு இல்லை. நாள் முழுக்கச் சிறு எடைகளை நிறுக்கும் ஆய்வகத்துக்கு இது தலைகீழான முன்னுரிமை. புனேயின் வறண்ட மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் நிலைமின்னூட்டம் சுழியை அலையவைக்கும் என்பதால் ஈரப்பதத்தையும் சேர்த்தே எழுதவேண்டும்.

பெரிய கல் சொல்லாத இன்னொன்று சிதறல். சிறு எடைகளின் நம்பகத்தை முடிவுசெய்வது அதுதான். அதே மருந்துத்தொகையின் கணக்குப்படி, குறைந்தது பத்து முறை நிறுத்து எத்தனை நல்ல சிதறல் கிடைத்தாலும், 0.1 மில்லிகிராம் நுண்மையுள்ள தராசில் 82 மில்லிகிராமுக்குக் கீழே துல்லியமாக நிறுத்ததாகக் கொள்ள முடியாது. நாள்தோறும் 200 கிராமை ‘சரி’ என எழுதுவது, 20 மில்லிகிராம் நிறுப்பவருக்கு எந்த உரிமமும் தருவதில்லை.

அச்சுப்பொறி எல்லாவற்றையும் பதிகிறதே, கையால் எதற்கு என்பார்கள். அச்சு நேரத்தையும் எண்ணையும் தரும். எந்தக் கல், எந்தச் சான்றிதழ், மின்தடை, குளிர்சாதனத்தின் காற்று எங்கே வீசியது என்பதை அது அறியாது. வெப்பத்தாள் அச்சு காலப்போக்கில் மங்கியும் போகும். ஐஎஸ்ஓ/ஐஇசி 17025 தரத்தின் 2017 பதிப்பு, செயலை இயன்றவரை மூலச் சூழலிலேயே திரும்பச் செய்யத் தேவையான தகவல் பதிவில் இருக்கவேண்டும் என்றும், அவதானிப்புகளை அவை நிகழும்போதே எழுதவேண்டும் என்றும், திருத்தினால் பழையதும் நிற்கவேண்டும் என்றும் கேட்கிறது. தராசுக்குள்ளேயே தானியங்கிச் சரிசெய்தல் இருந்தால் வெளிக்கல் சோதனையின் இடைவெளியைக் கூட்டலாம் என்பதை ஏற்கிறேன். சோதனை செய்யும் நாளில் மட்டும் பதிவைச் சுருக்க அது காரணமாகாது.

ஆய்வகப் பொறுப்பாளர்கள் தங்கள் படிவத்தில் இரண்டு கட்டங்களைச் சேர்க்கவேண்டும்: சரிசெய்வதற்கு முன் வந்த அளவீடு, கல்லை எடுத்தபின் நின்ற சுழி. ‘சரி’ என்னும் கட்டத்தை இவ்விரண்டுக்கும் பிறகு கடைசியில் வைக்கவேண்டும்.