பினே சூத்திரம் கும்பகோணம் வழியாகப் போன கதை

குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. பள்ளியில் படித்த இந்தக் கணக்கை வைத்து ஒரு கேள்வி கேட்கலாம். நான்கு மாத்திரையை எத்தனை விதமாக நிரப்பலாம்? நான்கு குறில், இரண்டு நெடில், ஒரு நெடிலோடு இரண்டு குறில் என்றால் மூன்று வரிசை. மொத்தம் 5. ஐந்து மாத்திரைக்கு 8, ஆறுக்கு 13. கடைசி எழுத்து குறிலாக இருந்தால் அதற்கு முன்னே ஒரு மாத்திரை குறைவு, நெடிலாக இருந்தால் இரண்டு குறைவு. அதனால் முந்தைய இரண்டு விடைகளின் கூட்டல்தான் அடுத்த விடை.

வடமொழி, பிராகிருத யாப்பில் இதை முதலில் தெளிவாகச் சொன்னவர் விரகாங்கர். 1150 வாக்கில் குஜராத்தில் ஹேமசந்திரரும் சொன்னார். அதற்குப் பிறகு, 1202இல், பீசா நகரத்து லியோனார்டோ ஒரு ஜோடி முயலை வைத்து அதே எண்களைக் கணக்கிட்டார். வட ஆப்பிரிக்காவில் சுங்க வேலை பார்த்த தந்தையிடம் போனபோது இந்திய எண்முறையைக் கற்றவர் அவர். முயல் கணக்கும் அதே வழியில் வந்தது என்று சொல்ல ஆதாரம் இல்லை. எப்படியோ, 1870களில் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர்தான் நிலைத்தது: ஃபிபொனாச்சி எண்கள்.

இவற்றில் ஒரு தொல்லை உண்டு. நூறாவது எண் வேண்டுமென்றால் முந்தைய தொண்ணூற்றொன்பதையும் கூட்டி வர வேண்டும். நேரே தாவ வழி கண்டவர்களில் ஒருவர் டி மாய்வர். மதத் துன்புறுத்தலுக்குத் தப்பி பிரான்ஸிலிருந்து லண்டன் வந்து, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியும் காப்பிக் கடையில் சூதாடிகளுக்குக் கணக்குப் போட்டும் பிழைத்தவர். அவர் சூத்திரம் 1730இல் அச்சேறியது. டேனியல் பெர்னூலியும் ஆய்லரும் கண்டார்கள். 1843இல் பினே மறுபடி கண்டார்; பெயர் அவருக்குப் போய்விட்டது!

சூத்திரத்தின் உள்ளே நடப்பதைப் பளிச்சென்று காட்டியது அணிக்கணிதம். 1858இல் கெய்லி அதற்கு இலக்கணம் எழுதினார். அடுத்தடுத்த இரண்டு எண்களை (a, b) என்று ஜோடியாக எழுதுங்கள், பெரியது முதலில். ஒரு படி நகர்ந்தால் அது (a+b, a). இந்த வேலையைச் செய்யும் அணி மிகச் சிறியது:

```
1 1
1 0
```

இந்த அணி திசை மாற்றாமல் நீட்டவோ சுருக்கவோ மட்டும் செய்யும் ஜோடி உண்டா? (λ, 1) என்பதைக் கொடுத்தால் (λ+1, λ) வரும். அது பழைய ஜோடியின் λ மடங்காக இருக்க λ² = λ + 1 ஆக வேண்டும். விடைகள் இரண்டு: φ = (1+√5)/2, அதாவது சுமார் 1.618; ψ = (1−√5)/2, சுமார் −0.618. இவையே ஐகன் மதிப்புகள்.

தொடக்க ஜோடி (1, 0). அதை (φ, 1) கழித்தல் (ψ, 1), அதை √5 ஆல் வகுத்தது என்று எழுதலாம். ஏனென்றால் φ − ψ = √5. இனி n படி நகர்ந்தால் முதல் பகுதி φⁿ மடங்காகும், இரண்டாவது ψⁿ மடங்காகும். ஜோடியின் இரண்டாம் எண்ணை எடுத்தால்:

Fₙ = (φⁿ − ψⁿ)/√5

ψⁿ விரைவில் தேய்ந்துவிடும். φ¹⁰ = 122.9919, √5 ஆல் வகுத்தால் 55.0036. பத்தாவது எண் 55.

இப்போது காவிரிக் கரைக்கு வரலாம். கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் 1913 ஜனவரியில் சென்னையிலிருந்து ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தில் ஒரு தொடர்பின்னம் இருந்தது: 1/(1 + q/(1 + q²/(1 + …))). q இடத்தில் 1 போட்டு, படிப்படியாக நறுக்கிப் பார்த்தால் 1/1, 1/2, 2/3, 3/5 என்று ஃபிபொனாச்சி எண்களே வரிசையாக வரும், முடிவில் 1/φ. ராமானுஜன் அங்கே நிற்கவில்லை. q = e⁻²ᵖ (p என்றது பை) என்று போட்டால் மதிப்பு e^(2p/5) × [√((5+√5)/2) − (√5+1)/2] என்று எழுதியிருந்தார். அடைப்புக்குள் கழிக்கப்படுவது நம் φ தான். ஹார்டி திகைத்துப்போனார். இந்தப் பின்னத்தை 1894இலேயே ரோஜர்ஸ் என்பவர் வெளியிட்டு, யாரும் கவனிக்காமல் கிடந்தது. ராமானுஜனே பின்னால் அதைக் கண்டெடுத்தார். இங்காவது இருவர் பெயரும் சேர்ந்து நின்றது.

கணினி வந்ததும் சூத்திரத்தின் பலவீனம் வெளிப்பட்டது. √5 க்கு முடிவில்லாத தசமம். வழக்கமான கணினித் தசமத்தில் சுமார் பதினாறு இலக்கம்தான் நிற்கும். எழுபதைத் தாண்டியதும் முழு எண்ணாக்கிய விடையில் கடைசி இலக்கம் பிசகத் தொடங்கும். F₇₁ = 308061521170129; உங்கள் கணினி 130 என்று முடித்தால் காரணம் இதுதான். சோதிக்க எளிய வழி, முந்தைய இரண்டு விடைகளைக் கூட்டிப் பார்ப்பது.

மாற்று, √5 பக்கமே போகாமல் அந்தச் சிறிய அணியை முழு எண்களிலேயே அடுக்குப் போடுவது. இரட்டைப்படை அடுக்கைப் பாதியாக்கு, ஒற்றைப்படையில் ஒன்றைக் கழி: 100, 50, 25, 24, 12, 6, 3, 2, 1. திரும்பி வரும்போது பாதியாக்கிய இடத்தில் வர்க்கமாக்கு, கழித்த இடத்தில் ஒருமுறை பெருக்கு. எட்டே பெருக்கலில் நூறாவது எண் கிடைக்கும், ஒரு இலக்கமும் பிசகாமல்: 354224848179261915075. இந்தப் பாதியாக்கும் உத்தியை, 2 இன் அடுக்குகளைக் கணக்கிட, விரகாங்கருக்குப் பல நூற்றாண்டு முன்பே தன் யாப்பு நூலில் எழுதி வைத்தவர் பிங்கலர்.