40 வயதிலேயே ரிட்டயர்மென்ட்... பணம் இருக்கு, நாள் முழுக்க என்ன பண்றது?

ஆண்டுச் செலவைப்போல 25 மடங்கு சேர்த்துவிட்டால் வேலையை விட்டுவிடலாம் என்பதுதான் ‘ஃபயர்’ கணக்கு. மாதம் 50,000 ரூபாய் செலவு என்றால் ஒன்றரைக் கோடி. (அமெரிக்கச் சந்தையை வைத்துப் போட்ட கணக்கு இது, நம்மூர் விலைவாசிக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படலாம்.) ஆனால், பணம் சேர்ந்த பிறகு வரும் வெறுமைக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

சம்பளம் தவிர வேலை என்ன தருகிறது?

1930-களின் தொடக்கத்தில், ஆஸ்திரியாவின் மரியன்தால் கிராமத்தில் இருந்த ஆலை மூடப்பட்ட பிறகு, அங்குள்ள மக்களை மேரி யஹோடா குழுவினர் ஆய்வு செய்தார்கள். கைநிறைய நேரம் இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. ஆண்களிடம் ‘இன்று என்ன செய்தீர்கள்’ என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வீட்டு வேலை இருந்த பெண்களின் நாள் மட்டும் குலையவில்லை.

அவர்கள் வறுமையில் இருந்தார்கள், ஃபயர்காரர்களிடம் பணம் இருக்கிறது. அந்த வித்தியாசம் பெரியதுதான். ஆனால் யஹோடா பின்னாளில் சொன்ன பட்டியல் இருவருக்கும் பொருந்தும். நேர ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், பலரோடு சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஓர் அடையாளம், கட்டாயமான செயல்பாடு. ராஜினாமா கடிதம் கொடுக்கும் நாளில் இந்த ஐந்தும் சேர்ந்தே போய்விடுகின்றன.

ஒருவர் எப்படிச் சமாளித்தார்?

‘மிஸ்டர் மணி மஸ்டாஷ்’ என்ற பெயரில் எழுதும் பீட் அடெனி, 2005-ல் 30 வயதில் சாஃப்ட்வேர் வேலையை விட்டவர். அவர் சும்மா உட்காரவில்லை. தச்சு வேலை, வீடு கட்டும் வேலை என்று இறங்கினார். பிறகு எழுத ஆரம்பித்தார். அமெரிக்காவின் லாங்மான்ட் நகரில் பலர் சேர்ந்து வேலை பார்க்கும் இடம் ஒன்றையும் தொடங்கினார். கவனித்தால், யஹோடாவின் பட்டியலில் உள்ளவற்றைத்தான் ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டியிருக்கிறார்.

நம்ம வாரத்தை எப்படி அமைப்பது?

‘டிராவல், புத்தகம், ஜிம்’ என்று எல்லாரும் சொல்வார்கள். மூன்றையும் நாளைக்குத் தள்ளிப்போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதனால் நீங்கள் வராவிட்டால் இன்னொருவர் போன் செய்து கேட்கும் வேலை ஒன்றாவது வேண்டும். உதாரணத்துக்கு, செவ்வாய், வியாழன் மாலை 5 மணிக்குப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது. அதோடு, காலை 9 முதல் 12 வரை ஒரே கைவேலையைக் கற்பது. மதியத்தைக் காலியாகவே விடுங்கள். முழு நாளையும் நிரப்பினால் அது இன்னொரு ஆபீஸ் ஆகிவிடும்.

வேலையை விடுவதற்கு முன்பே ஒரு மாதம் விடுப்பு எடுத்து இதை ஓட்டிப் பாருங்கள். முதல் இரண்டு வாரம் எல்லாருக்கும் ஜாலியாகத்தான் இருக்கும், அதை நம்பாதீர்கள். நான்காவது வாரம், முந்தைய நாள் செய்ததை மணிவாரியாக எழுதிப் பாருங்கள். பாதி மணிநேரம் எங்கே போனது என்றே தெரியவில்லை என்றால், தேதியைத் தள்ளிவையுங்கள்.