தோள் சீலையின் கோடு

தீபாவளிக்கு ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒற்றைத் தோள் டாப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். "இன்னொரு கை எங்கடி?" என்றார் அம்மா. தோளிலிருந்து எதிர் அக்குளுக்கு இறங்கும் அந்தச் சாய்கோடு, முந்தானையின் கோடுதான்.

அந்தக் கோட்டுக்காகத் திருவிதாங்கூரில் அடிதடியே நடந்தது. 1859 ஜூலை 26 அறிவிப்பு சாணார் பெண்களுக்கு ரவிக்கையை அனுமதித்தது. முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியை மார்பைச் சுற்றிக் கட்டவும் விட்டது. மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்த மட்டும் கூடாது! மார்பை மூடலாம், ஆனால் தோளில் சீலை ஏறக் கூடாது என்பதுதான் அதன் பொருள்.

சுற்றிக் கட்டினால் கோடு அக்குளுக்கு அக்குள் படுக்கையாக ஓடும். கழுத்தும் இரு தோளும் வெறுமையாகத் தெரியும். இன்றைய ஸ்ட்ராப்லெஸ் அதுவே. தோளில் பிடிப்பு இல்லாததால் இறுக்கம்தான் அதைத் தாங்கும், தளர்ந்தால் நழுவும். ரப்பர் தோட்டத்துக் குழாயடியில் பாட்டி கைலியை மார்புக்கு மேல் கட்டிக் குளித்ததும் இப்படித்தான். கையைத் தூக்கும்போதெல்லாம் முனையை மறுபடி செருகுவார்.

ஆஃப்-ஷோல்டர் அதே படுக்கைக் கோட்டை மேல்கைவரை நீட்டித் தோளை அகலமாக்கும். கோல்ட்-ஷோல்டரில் தோள் விளிம்பு மாறாது, நடுவில் ஜன்னல் மட்டும்.

ஒற்றைத் தோளையே வாங்கினேன். அம்மா இன்னும் முணுமுணுக்கிறார்.