கேட்ட கேள்வி ஒன்று, வந்த பதில் மூன்று

சர்வே எனும் கருத்துக்கணிப்புகளின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகத் துருவிக்கொண்டிருக்கிறேன். அதில் 1967ல் வெளியான ஒரு கட்டுரை என்னை ரொம்பவே யோசிக்க வைத்தது. எழுதியவர் ஜோசப் ஹாக்ஸ்டிம். கலிபோர்னியா மாநிலப் பொதுச் சுகாதாரத் துறைக்காக அலமேடா கவுண்டி மக்களின் உடல்நலத்தை ஆராய்ந்தவர்.

வீடு வீடாக ஆள் அனுப்பிக் கேட்பதுதான் அப்போது கௌரவமான முறை. ஆனால் செலவு அதிகம். தபாலில் கேள்வித்தாள் அனுப்பினால் காசு மிச்சம், ஆனால் பதிலை நம்பலாமா என்று சந்தேகம். ஹாக்ஸ்டிம் இதைச் சோதித்தே பார்த்துவிடலாம் என்று முடிவு செய்தார். குடும்பங்களை மூன்று குழுக்களாகக் குலுக்கிப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தபால், ஒன்றுக்குத் தொலைபேசி, ஒன்றுக்கு நேரடிப் பேட்டி என்று ஆரம்பித்தார். பதில் வராதவர்களை மற்ற வழிகளில் துரத்திப் பிடித்தார்.

பெரும்பாலான கேள்விகளுக்கு மூன்று வழியிலும் ஏறக்குறைய ஒரே பதில்தான் வந்தது. தபாலை இளக்காரமாகப் பார்த்தவர்களுக்கு அது நல்ல பாடம். ஆனால் சில கேள்விகள் மட்டும் முரண்டு பிடித்தன. 'உங்கள் உடல்நலம் எப்படி?' என்பது அதில் ஒன்று. 'மிக நன்று' என்று சொன்னவர்கள் நேரில் 44 சதவீதம், தொலைபேசியில் 37, தபாலில் 30. குலுக்கிப் பிரித்த குழுக்கள் என்பதால், தபால் குழுவில் மட்டும் நோயாளிகள் அதிகம் சேர்ந்துவிட்டார்கள் என்று சொல்ல வழியில்லை. மாறியது கேட்ட விதம் மட்டும்தான்.

இது நமக்குப் புரியாத விஷயம் இல்லை. எதிரே வந்து ஒருத்தர் 'சௌக்கியமா?' என்று கேட்டால், முட்டி வலியோடு நின்றுகொண்டே 'சௌக்கியம்' என்றுதானே சொல்கிறோம்? அதே ஆள் தனியாக உட்கார்ந்து ஒரு தாளைப் பார்த்தால் முட்டி ஞாபகம் வந்துவிடும். இதைத்தான் ஆய்வாளர்கள் முறை விளைவு என்கிறார்கள். கேள்வி போய்ச்சேரும் வழியே பதிலின் ஒரு பகுதியை உண்டாக்கிவிடுகிறது.

சரி, இதில் எது உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது? உடல்நலக் கேள்வியை வைத்து இதைச் சொல்லிவிட முடியாது. ஒருவர் தன் உடம்பைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்குப் பதிவேடு எங்கே இருக்கிறது? அதனால் ஃபிராக்கே க்ராய்டர், ஸ்டான்லி பிரெஸ்ஸர், ரோஜர் டூராங்கோ மூவரும் பதிவேடு இருக்கிற இடமாகப் பார்த்தார்கள். மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் பழைய மாணவர்களிடம் படிப்பு விவரங்களைக் கேட்டார்கள். ஏதாவது பாடத்தில் டி அல்லது எஃப் வாங்கியிருக்கிறீர்களா? பழைய மாணவர் சங்கத்தில் உறுப்பினரா? நன்கொடை கொடுத்ததுண்டா? உண்மையான விடை பல்கலைக்கழகப் பதிவில் இருந்தது.

இங்கேயும் மூன்று வழி. ஒரு குழுவிடம் பேட்டியாளர் போனில் பேசினார். இன்னொரு குழுவுக்குப் போனில் பதிவுசெய்த குரல் ஓட, அவர்கள் பட்டனை அழுத்திப் பதில் சொன்னார்கள். மூன்றாவது குழு இணையத்தில் படித்து நிரப்பியது. 2008ல் வெளியான முடிவின்படி, சங்கடமான உண்மைகளை அதிகம் ஒத்துக்கொண்டவர்கள் இணையக் குழுவினர். குறைவாக ஒத்துக்கொண்டவர்கள் மனிதக் குரலுக்குப் பதில் சொன்னவர்கள். பட்டன் குழு நடுவில் நின்றது. பதிவோடு ஒப்பிட்டபோதும் இணையமே உண்மைக்கு நெருக்கமாக வந்தது. அதற்காக இணையத்தில் எல்லோரும் அரிச்சந்திரன் ஆகிவிடவில்லை. அங்கேயும் பலர் மதிப்பெண்ணை மறைக்கத்தான் செய்தார்கள்.

கேட்பவர் இருப்பது ஒரு காரணம் என்றால், காதும் கண்ணும் வேலை செய்யும் விதம் இன்னொரு காரணம். போனில் ஐந்து விடைகளை வாசித்தால் கடைசியில் கேட்டது மனதில் நிற்கிறது. தாளிலோ திரையிலோ பார்த்தால், மேலே இருக்கிற விடையிலேயே கண் நின்றுவிடுகிறது. அதேபோல 'பொருந்துவதை எல்லாம் டிக் செய்யவும்' என்று தாளில் போட்டால், நாலைந்து டிக் அடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். போனில் ஒவ்வொன்றாக 'ஆமாவா, இல்லையா?' என்று கேட்கிறார்கள். அப்போது கூடுதலாகச் சில 'ஆமா' விழுகிறது. ஆக, ஒரே கேள்வி என்று நாம் நினைப்பது, வழி மாறும்போது வேறு கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

இதனால் என்ன நஷ்டம் என்பதற்கு அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் சோதனை நல்ல உதாரணம். போனிலிருந்து இணையத்துக்கு மாறுவதற்கு முன், 2014ல், தங்கள் நிரந்தரக் குழுவில் இணைய வசதி உள்ளவர்களைக் குலுக்கிப் பிரித்து, பாதிப் பேரிடம் போனிலும் பாதிப் பேரிடம் இணையத்திலும் 60 கேள்விகள் கேட்டார்கள். சராசரி வித்தியாசம் 5.5 புள்ளி. சில கேள்விகளில் வித்தியாசமே இல்லை, அதிகபட்சம் 18. அந்த 18 எதில் தெரியுமா? குடும்ப வாழ்க்கையில் 'மிகவும் திருப்தி' என்றவர்கள் போனில் 62 சதவீதம், இணையத்தில் 44.

இந்த இரண்டு எண்ணையும் வைத்து நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு நிறுவனம் இந்த வருஷம் 80 சதவீதம் பேரைப் போனிலும் 20 சதவீதம் பேரை இணையத்திலும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். விடை 58.4 சதவீதம் வரும். சில வருஷம் கழித்துச் செலவைக் குறைக்க விகிதத்தைத் திருப்பிப் போடுகிறார்கள்: போன் 20, இணையம் 80. இப்போது விடை 47.6. ஒரு குடும்பத்திலும் ஒரு சண்டைகூடக் கூடுதலாக நடக்கவில்லை. ஆனால் 'குடும்ப மகிழ்ச்சி 11 புள்ளி சரிவு' என்று தலைப்புச் செய்தி தயார்!

இதைக் குறைக்க என்ன செய்கிறார்கள்? முதல் வேலை கேள்வி எழுதும்போதே நடக்க வேண்டும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் டான் டில்மன் பல வருஷமாக வலியுறுத்தியது இது: எல்லா வழிக்கும் ஒரே வாக்கியம், ஒரே விடைகள், ஒரே வரிசை. டிக் பட்டியலைத் தாளிலும் திரையிலும் 'ஆமா/இல்லை' ஜோடிகளாக மாற்றிவிடலாம். 'தெரியாது' என்பதைத் திரையில் காட்டினால் போனிலும் வாசிக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டிலும் விட்டுவிட வேண்டும். போனில் ஞாபகம் வைக்க முடியாத நீளமான பட்டியலைக் கேள்வித்தாளில் சேர்க்கவே கூடாது.

இது காது, கண் பிரச்சினையைத் தீர்க்கும். கேட்பவரால் வரும் கூச்சத்தைத் தீர்க்காது. அதற்கு, கூச்சமான கேள்விகளில் மட்டும் பேட்டியாளர் விலகிக்கொள்ள வேண்டும். போனில் பேசிக்கொண்டிருப்பவரைப் பட்டன் முறைக்கு மாற்றிவிடலாம், நேரில் என்றால் கணினியை அவர் பக்கம் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மூன்றாவது, முறையை மாற்றும்போது ஒரு சுற்றாவது பழையதையும் புதியதையும் சேர்த்து நடத்துவது. குலுக்கல் இதில் கட்டாயம். அவரவர் விருப்பப்படி வழியைத் தேர்ந்தெடுக்க விட்டால், இணையத்தில் இளைஞர்களும் தாளில் முதியவர்களும் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் வித்தியாசம் ஆளால் வந்ததா, வழியால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. வயது, படிப்பு இவற்றை வைத்து எடை போட்டுச் சரிசெய்தால் ஆள் வித்தியாசம் கொஞ்சம் குறையும். வழியின் வித்தியாசம் அப்படியேதான் இருக்கும்.

அப்படி அளந்த வித்தியாசத்தைக்கூட எல்லாவற்றிலும் ஒரே அளவாகக் கழித்துவிட முடியாது. பியூ சோதனையில் அரசியல் தலைவர்களைப் பற்றிய கடுமையான வெறுப்பு இணையத்தில் கூடுதலாக வந்தது, அதுவும் பெரும்பாலும் எதிர்க்கட்சிக்காரர்களிடமிருந்து. கேள்விக்குக் கேள்வி, ஆளுக்கு ஆள் அளவு மாறுகிறது. அதனால் சரிசெய்வதானால் ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். அந்த வசதி இல்லாதபோது, வரைபடத்தில் முறை மாறிய வருஷத்தில் கோட்டைத் துண்டித்துக் காட்டுவதே நேர்மை.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. 'மக்கள் மனநிலை மாறிவிட்டது' என்று எந்த வரைபடத்தைப் பார்த்தாலும், கீழே பொடி எழுத்தில் இருக்கும் குறிப்பைத்தான் முதலில் படிக்கிறேன். எந்த வருஷம் போன், எந்த வருஷம் இணையம் என்று அதில் இருக்கும். கோடு சடாரென்று இறங்குவதும் அதே வருஷம் என்றால், மக்களைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன் கேட்ட விதத்தைத்தான் முதலில் சந்தேகப்படுகிறேன்.