டிஎன்எஸ் கேஷும் டிடிஎல்லும்

ஓர் இணையப் பெயருக்கு உரிய எண் முகவரியைக் கேட்டறிந்த கணினி, அந்த விடையைக் குறிப்பிட்ட காலம் தன்னிடமே வைத்திருந்து, மறுபடி கேட்பவர்களுக்கு அதையே எடுத்துக் கொடுப்பது டிஎன்எஸ் கேஷ் எனப்படும். அந்தக் காலத்தை நொடிக்கணக்கில் சொல்லும் எண் டிடிஎல். பெயருக்கு உரியவர் ஒவ்வொரு பதிவோடும் இந்த எண்ணையும் எழுதி வைக்கிறார். ஒரு தளம் புதிய சர்வருக்கு மாறிய பிறகும் சிலர் பழைய சர்வருக்கே வந்துகொண்டிருப்பதற்கு இந்த எண்ணைத் தவறாகக் கையாள்வது ஒரு காரணம். இந்த எண் சென்று சேராத இடங்களிலும் முகவரி சேமித்து வைக்கப்படுவது இன்னொரு காரணம்.

தொடக்கம்

டிஎன்எஸ் வருவதற்கு முன் ஆர்ப்பாநெட்டில் இருந்த கணினிகளின் பெயர்களும் முகவரிகளும் `HOSTS.TXT` என்ற ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் எலிசபெத் ஃபெயின்லரின் குழு அதைப் பராமரித்தது. மற்றவர்கள் அவ்வப்போது பிரதி எடுத்துக்கொண்டார்கள். பிரதி எத்தனை நாள் செல்லும் என்று அந்தக் கோப்பு எங்கும் சொல்லவில்லை.

தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ், 1983 நவம்பரில் ஆர்எஃப்சி 882, 883 என்ற இரு ஆவணங்களில் டிஎன்எஸ்ஸை முன்வைத்தார். பிரதிக்குக் கெடு வைக்கும் வழக்கம் இங்கேதான் தொடங்குகிறது. முதலில் டிடிஎல்லுக்கு 16 பிட் மட்டுமே ஒதுக்கப்பட்டது. அதில் எழுதக்கூடிய பெரிய எண் 65,535. அதாவது பதினெட்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஆண்டுக்கணக்கில் இடம் மாறாத கணினிக்கும் நாளொன்றுக்கு ஒரு முறையாவது மறுபடி கேட்டாக வேண்டியிருந்தது. இது போதவில்லை என்று கண்டு, 1986 ஜனவரியில் ஆர்எஃப்சி 973 அதை 32 பிட்டாக விரித்தது.

இன்றும் அடித்தளமாக இருப்பவை 1987 நவம்பரில் வந்த ஆர்எஃப்சி 1034, 1035 ஆகியவை. சாதாரணக் கணினிகளுக்கு டிடிஎல் நாள்கணக்கில் இருக்கலாம் என்று 1034 கருதியது. அதே பத்தியில், எவரும் சுலபமாகத் தாண்டிப் போய்விடக்கூடிய ஒரு குறிப்பும் உண்டு: மாற்றம் வருவது முன்கூட்டியே தெரிந்தால் டிடிஎல்லை முதலில் குறைத்துக்கொள்ளலாம், மாற்றம் முடிந்ததும் பழைய அளவுக்கே உயர்த்திவிடலாம். சர்வர் மாற்றத்துக்கு இன்று சொல்லப்படும் வழிமுறை ஏறக்குறைய முழுவதும் இந்தக் குறிப்பில் அடங்கும். 1035-இல் ஒரு குறையும் இருந்தது. டிடிஎல் எண்ணுக்கு எதிர்க்குறி உண்டு என்று ஓரிடத்திலும் இல்லை என்று மற்றோரிடத்திலும் அது சொன்னது. 1997 ஜூலையில் வந்த ஆர்எஃப்சி 2181 எதிர்க்குறி இல்லை என்று தெளிவுபடுத்தியது.

சர்வர் மாறும் நாளில் நடப்பது

முகவரி மாறிய செய்தியை டிஎன்எஸ் யாருக்கும் அனுப்புவதில்லை. ஒவ்வொரு ரிசால்வரும் தன்னிடம் உள்ள பிரதியின் கெடு முடிந்த பிறகுதான் மறுபடி கேட்கிறது. அதனால் மாற்றத்தின் வேகத்தைத் தீர்மானிப்பது புதிய பதிவின் டிடிஎல் அன்று. ஏற்கெனவே வெளியே போய்விட்ட பழைய பதிவின் டிடிஎல்.

`www.example.com` என்ற பெயர் 192.0.2.10 என்ற முகவரியில் 86,400 நொடி, அதாவது ஒரு நாள், டிடிஎல்லோடு இருக்கிறது என்று கொள்வோம். திங்கட்கிழமை மாலை ஆறு மணிக்கு நிர்வாகி டிடிஎல்லை 300 ஆகக் குறைக்கிறார். இரவு எட்டு மணிக்கு முகவரியை 198.51.100.20 என்று மாற்றுகிறார். எட்டேகாலுக்குள் எல்லாரும் புதிய சர்வருக்கு வந்துவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. ஆனால் மாலை 5:55-க்கு அந்தப் பெயரைக் கேட்ட ஒரு ரிசால்வரின் கையில் இருப்பது பழைய முகவரியும் பழைய 86,400-ம். செவ்வாய் மாலை 5:55 வரை அது திரும்பக் கேட்காது. நிர்வாகி டிடிஎல்லைக் குறைத்ததே அதற்குத் தெரியாது. குறைத்த நேரத்திலிருந்து பழைய டிடிஎல் முழுவதும் கழிந்த பிறகு, இங்கே செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் பின், முகவரியை மாற்றியிருந்தால் முறையாக நடக்கும் ரிசால்வர்கள் எல்லாம் ஐந்து நிமிடத்தில் திரும்பியிருக்கும்.

சந்தேகம் வரும் ரிசால்வரிடமே நேராகக் கேட்டுப் பார்க்கலாம்:

```
$ dig +noall +answer www.example.com @192.0.2.53
www.example.com.  84112  IN  A  192.0.2.10
```

84,112 என்பது மீதி இருக்கும் நொடிகள். 86,400-லிருந்து கழித்தால் 2,288. அதாவது பிரதி எடுத்து 38 நிமிடம் 8 நொடி ஆகிறது. ஒரு நிமிடம் கழித்துக் கேட்டால் 84,052 என்று குறைந்திருக்கும். டிஎன்எஸ்ஸில் கண்ணால் பார்த்து அறியக்கூடியவற்றுள் இந்த இறங்குமுக எண்ணைப் போலத் தெளிவானது வேறில்லை. பழைய பிரதி எப்போது விடுபடும் என்பதை அது நொடி பிசகாமல் சொல்லிவிடுகிறது. பெரிய பொது ரிசால்வர்களில் மட்டும் எண் ஏறியும் இறங்கியும் காட்டக்கூடும். ஒரே முகவரியின் பின்னால் பல இயந்திரங்கள் தனித்தனிக் கேஷோடு நிற்பதே அதற்குக் காரணம்.

எண் குறையாமல், பழைய முகவரியே ஒவ்வொரு முறையும் முழு டிடிஎல்லோடு புதிதாக வந்தால் கோளாறு கேஷில் இல்லை. பெரும்பாலும் இரண்டாம் நிலைப் பெயர் சர்வர் ஒன்று இன்னும் பழைய நகலையே கொடுத்துக்கொண்டிருக்கும். முதன்மைச் சர்வரில் பதிவை மாற்றியவர் எஸ்ஓஏ பதிவில் உள்ள வரிசை எண்ணை உயர்த்த மறந்தால் இப்படி ஆகும். எண் உயராததால் எதுவும் மாறவில்லை என்று இரண்டாம் நிலை சர்வர் முடிவுகட்டிவிடும். 1996-இல் ஆர்எஃப்சி 1996 வழியாக வந்த அறிவிப்பு முறை இந்தச் சர்வர்களுக்குள் மாற்றத்தை உடனே தெரிவிக்கிறது. வரிசை எண்ணை மறந்தவருக்கு அதுவும் உதவாது.

பெயர் சர்வர்களையே மாற்றும்போது கணக்கு வேறு. `.com` பெயர்களின் என்எஸ் பதிவுகளை மேல்நிலைச் சர்வர்கள் 1,72,800 நொடி, அதாவது இரண்டு நாள், டிடிஎல்லோடு தருகின்றன. இந்த எண் தளத்தின் உரிமையாளர் கையில் இல்லை. மாற்றத்துக்கு 48 மணி நேரம் ஆகும் என்ற பரவலான பேச்சு இதனோடு பொருந்துகிறது. இதிலிருந்தே பிறந்தது என்று அறுதியிட முடியாது.

முகவரியைப் போலவே, இல்லாத பெயருக்குக் கிடைத்த ‘இல்லை’ என்ற விடையும் சேமிக்கப்படுகிறது. அதைச் சேமிக்கும் காலத்தை 1998 மார்ச்சில் ஆர்எஃப்சி 2308 வரையறுத்தது.

கெடு தெரியாத பிரதிகள்

ரிசால்வர் கேஷ் முழுவதும் காலாவதியான பிறகும் பழைய சர்வரின் பதிவேட்டில் வருகைகள் தொடர்வதுண்டு. ஒரு நிரல் பெயரை முகவரியாக்க இயங்குதளத்திடம் `getaddrinfo` என்ற அழைப்பின் வழியாகக் கேட்கிறது. அந்த அழைப்பு முகவரியை மட்டும் தருகிறது, டிடிஎல்லைத் தருவதில்லை. எனவே முகவரியைத் தானும் வைத்துக்கொள்ள விரும்பும் நிரல், எவ்வளவு நேரம் என்பதைச் சொந்த ஊகத்தில் முடிவு செய்கிறது. ஃபயர்ஃபாக்ஸ் வழக்கமாக 60 நொடி வைக்கிறது. ஜாவாவின் முந்தைய பதிப்புகளில் பாதுகாப்பு மேலாளர் இயங்கினால், முகவரி ஒரு முறை கிடைத்ததும் நிரல் நிற்கும்வரை அதுவே இருந்தது. போலி டிஎன்எஸ் விடைகளிடமிருந்து காக்கவே இப்படி வைத்ததாக ஜாவாவின் ஆவணங்கள் கூறுகின்றன. மற்ற இடங்களில் 30 நொடி.

என்ஜின்எக்ஸ் தன் அமைப்புக் கோப்பில் நேரடியாக எழுதப்பட்ட பின்தள சர்வரின் பெயரை, கோப்பை ஏற்றும்போது ஒரு முறைதான் முகவரியாக்கும். வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால் மறுபடி ஏற்றும்வரை அந்த முகவரிக்கே போகும். ஒரு முறை திறந்த இணைப்பை மூடாமல் பயன்படுத்திக்கொண்டிருக்கும் நிரல்களோ டிஎன்எஸ்ஸைக் கேட்பதே இல்லை. பழைய சர்வர் இயங்கும்வரை அவற்றுக்குக் குறையொன்றும் தெரியாது.

பழைய சர்வருக்கு யார் வருகிறார்கள் என்பதை அதன் பதிவேட்டிலேயே காணலாம். உலாவிகள் சில மணி நேரத்தில் மறைந்துவிடும். நாள்கள் கடந்தும் நிற்பவை பெரும்பாலும் வேறொரு சர்வரில் ஓயாமல் ஓடும் நிரல்கள், அல்லது `/etc/hosts` கோப்பில் யாரோ கையால் முகவரி எழுதி வைத்த கணினிகள். மாறும் நாளில் பழைய சர்வரை நிறுத்தாமல், வரும் கோரிக்கைகளைப் புதிய சர்வருக்கு அனுப்பும் ப்ராக்ஸியாக வைத்திருப்பது இதனால்தான்.

ரிசால்வர்கள் எந்த அளவுக்கு டிடிஎல்லை மீறுகின்றன என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. கெடு கடந்த முகவரிகளைக் கணிசமான பயனர்கள் நாடுவதாக 2004-இல் வெளியான ஓர் அளவாய்வு காட்டியது. ஆனால் அத்தகைய அளவீட்டில் ரிசால்வரின் பிழையையும் நிரலின் பிடிவாதத்தையும் பிரித்தறிவது கடினம். டிடிஎல் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதிலும் இரு தரப்பு உண்டு. முகவரிப் பதிவுகளின் டிடிஎல்லைச் சில நூறு நொடிகளாகக் குறைத்தாலும் கேஷின் பயன் பெரிதாகக் குறையாது என்று எம்ஐடி ஆய்வாளர்கள் 2001-இல் வாதிட்டார்கள். நீண்ட டிடிஎல்லே விடைக்கு விரைவைத் தருகிறது என்று 2019-இல் மோரா என்ற ஆய்வாளரும் அவருடன் ஆய்ந்தவர்களும் காட்டினார்கள். உருகுவேயின் `.uy` தன் என்எஸ் பதிவுகளின் டிடிஎல்லை 300 நொடியிலிருந்து ஒரு நாளாக உயர்த்தியது அவர்கள் சான்றுகளுள் ஒன்று.

ரூட் சர்வர்களின் பழைய முகவரிகள்

பழைய முகவரி எவ்வளவு காலம் நாடப்படும் என்பதற்கு மிக நன்றாகப் பதிவான சான்றுகள் ரூட் சர்வர்களிடமிருந்து கிடைக்கின்றன. ரிசால்வர் முதன்முதலில் இயங்கத் தொடங்கும்போது ரூட் சர்வர்களின் முகவரி அதற்கு எப்படியாவது தெரிந்திருக்க வேண்டும். ஆகவே மென்பொருளோடு ஒரு குறிப்புக் கோப்பு வருகிறது. அதைக் கொண்டு ஏதேனும் ஒரு ரூட் சர்வரை அடைந்து இன்றைய பட்டியலைக் கேட்டுப் பெறுவது ஒழுங்கான ரிசால்வரின் முதல் வேலை.

ஜே-ரூட் 2002 நவம்பரில் 198.41.0.10 என்ற முகவரியிலிருந்து 192.58.128.30-க்கு மாறியது. பதின்மூன்று ஆண்டு கழித்து, 2015-இல், வெரிசைன் நிறுவனத்தின் டுவேன் வெஸல்ஸ் பழைய முகவரியை ஆராய்ந்தபோதும் அங்கே வினவல்கள் வந்துகொண்டிருந்தன. எந்த டிடிஎல்லும் இவ்வளவு காலம் நீளாது.

மேரிலாந்து பல்கலைக்கழகம் நடத்தும் டி-ரூட் 2013 ஜனவரி 3 அன்று 128.8.10.90-இலிருந்து 199.7.91.13-க்கு மாறியது. பழைய முகவரியிலும் விடையளிப்பதை நிறுத்தவில்லை. அப்பல்கலைக்கழகத்தினர் இரு முகவரிகளுக்கும் வந்த வினவல்களை அடுத்த சில மாதங்கள்வரை ஆராய்ந்தார்கள். பழைய முகவரியை விடாதவற்றுக்கு, கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டி வளரும் கொட்டலசின் பெயரை வைத்தார்கள். எதிர்பாராத ஒன்றும் தெரியவந்தது: மாற்றத்துக்குப் பின் புதிய முகவரியில் போக்குவரத்து கூடியிருந்தது. பவர்டிஎன்எஸ் ரிசால்வரில் இருந்த ஒரு பிழையே காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

அண்மைக் காலம்

2017 மார்ச்சில் ஆர்எஃப்சி 8109, ரிசால்வர் தொடங்கும்போது ரூட் பட்டியலைக் கேட்கும் முறையை எழுத்தில் வகுத்தது. 2020 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 8767, உரிய சர்வரிடமிருந்து விடை கிடைக்காத வேளையில் கெடு முடிந்த பிரதியையே ரிசால்வர் தரலாம் என்று அனுமதித்து, அப்படித் தரும் விடைக்கு 30 நொடி டிடிஎல்லைப் பரிந்துரைத்தது. மாறிய சர்வரைப் பொறுத்தவரை இதற்கு ஒரு விளைவு உண்டு: பழைய பெயர் சர்வர்களை அவசரமாக அணைத்துவிட்டால், அவற்றையே கேட்டு விடை கிடைக்காத ரிசால்வர் பழைய முகவரியைக் கெடுவுக்குப் பின்னும் தரக்கூடும். கெடு முடிந்த பிரதியைத் தருவது நன்மையா தீமையா என்பதில் வல்லுநர்கள் பிரிந்தே நிற்கிறார்கள். ரூட் சர்வர்களில் பி-ரூட்டின் முகவரியும் 2023 நவம்பரில் மாறியது.