மாதத்தின் பதின்மூன்றாவது டயாலிசிஸ்: ஒரு குடும்பக் கணக்கும் காப்பீட்டின் எல்லையும்

சிறுநீரகம் செயலிழந்தவரின் வீட்டில் செலவுக் கணக்குப் போடும்போது முதலில் எழுதப்படுவது டயாலிசிஸ் கட்டணம். வாரம் மூன்று தடவை, மாதம் நான்கு வாரம், ஆக பன்னிரண்டு தடவை என்று எழுதுவார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது. ஆண்டுக்கு 52 வாரம், 156 தடவை. மாதச் சராசரி 13. சம்பளமும் வாடகையும் மாதக் கணக்கில் ஓட, இந்த நோய் வாரக் கணக்கில் ஓடுகிறது. இந்தச் சின்னப் பிசகால் மட்டும் ஆண்டுக்குப் பன்னிரண்டு தடவைக்கான பணம் கணக்கில் வராமலே போகிறது. ஆனால் கட்டணத்தைச் சரியாக எழுதிவிட்டாலும் குடும்பம் தப்பிவிடாது என்பதே இக்கட்டுரையின் வாதம். குடும்பத்தை உடைப்பவை கட்டணத்துக்கு வெளியே இருக்கின்றன: போன வேலைநாட்கள், எதிர்பாராத மருத்துவமனைச் சேர்க்கைகள்.

கணக்குப் போட்டுப் பார்க்க ஒரு மாதிரிக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் தொகைகள் எளிமைக்காக நான் வைத்துக்கொண்டவை. ஊருக்கு ஊர் மாறும். டயாலிசிஸ் செய்துகொள்ளும் கணவர் சொந்தமாக டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். நாளுக்கு 600 ரூபாய், மாதம் 26 நாள். மனைவி வீட்டில் தையல் வேலை செய்கிறார், நாளுக்கு 300. இருவரும் சேர்ந்து மாதம் 23,400. சொந்தத் தொழில் என்பதால் இஎஸ்ஐ கிடையாது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் ஆண்டு வருமான வரம்பு 1,20,000. இவர்களுடையது அதைத் தாண்டிவிடுகிறது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எடுத்த ஐந்து லட்ச ரூபாய்த் தனியார் குடும்ப பாலிசி மட்டும் இருக்கிறது. கணவரின் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதிக்கொடுத்திருந்தார்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலமும் முடிந்துவிட்டது. ஆகவே டயாலிசிஸ் கட்டணத்தை பாலிசி ஏற்கிறது. அதிர்ஷ்டசாலிகள் என்றுதான் அக்கம்பக்கம் சொல்லும்.

இப்போது மாதக் கணக்கைப் பார்ப்போம். டயாலிசிஸ் நான்கு மணி நேரம் என்பார்கள். எடை பார்ப்பது, இயந்திரம் தயாராகக் காத்திருப்பது, ஊசி குத்திய இடத்தில் பஞ்சை வைத்து ரத்தம் நிற்கும்வரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது, பஸ் பயணம், வீட்டுக்கு வந்ததும் அடித்துப்போட்டது போன்ற அசதி எல்லாம் சேர்ந்தால் ஒரு முழு நாள் போய்விடும். மனைவியும் கூடப் போகிறார். மாதம் 13 நாள் இருவருக்கும் வருமானம் இல்லை, இழப்பு 11,700. பாலிசி தராத கைச்செலவு தனி. போகப் பஸ், வர ஆட்டோ என ஒரு தடவைக்கு 250 வீதம் 3,250. ரத்தம் ஊறுவதற்கான எரித்ரோபாய்டின் ஊசி வாரம் இரண்டு, ஒன்று 400 வீதம் மாதம் ஏறத்தாழ 3,600. பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் மாத்திரை, பிபி மாத்திரை முதலியவற்றுக்கு 2,000. ஹீமோகுளோபின், பொட்டாசியம், கால்சியம் பரிசோதனைகளுக்கும், சில மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கும் மஞ்சள்காமாலை வைரஸ் பரிசோதனைக்கும் சராசரி 1,000. ஆக 9,850. பாதியாகிப்போன வருமானம் 11,700இல் இதைக் கழித்தால் மிஞ்சுவது 1,850. டயாலிசிஸுக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாத குடும்பத்தின் நிலை இது.

இந்தக் கணக்கில் மிகப் பெரிய வரி, போன வேலைநாள். அதைக் குறைக்கும் வழியும் மருந்துக் கடையில் இல்லை, டயாலிசிஸ் மையத்தின் ஷிப்ட் அட்டவணையில் இருக்கிறது. விடியற்காலை முதல் ஷிப்ட் கிடைத்து, மதியத்துக்கு மேல் கடையைத் திறக்க முடிந்தால், கணவரின் இழப்பில் பாதி, அதாவது மாதம் 3,900 ரூபாய் மீளும். மாத்திரைச் செலவு முழுவதையும் இல்லாமல் செய்தாலும் இவ்வளவு மிஞ்சாது. எல்லாருக்கும் இது முடியாது என்பதும் உண்மை. டயாலிசிஸ் முடிந்ததும் பிபி இறங்கி, அன்று முழுக்க எழ முடியாதவர்கள் இருக்கிறார்கள். இருந்தாலும், மலிவு மாத்திரைக்காகக் கடை கடையாக ஏறி இறங்குபவர்கள் ஷிப்ட் மாற்றித் தரும்படி ஒரு தடவைகூடக் கேட்காமல் இருப்பதை நான் கவனித்திருக்கிறேன்.

கை இறுகும்போது குடும்பங்கள் வெட்டுவது வேறு இடத்தில். வாரம் மூன்றை இரண்டாக்குவார்கள். ஊசியை ஒன்றுவிட்டு ஒன்று போடுவார்கள். முதலாவதன் விளைவு எடை பார்க்கும் மெஷினிலேயே தெரிந்துவிடும். இரண்டு தடவைக்கு நடுவே எடை ஏறிக்கொண்டே போகும், கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால்தான் தேவலை என்றிருக்கும். நுரையீரலில் நீர் கோத்துவிட்டால் அது அவசரச் சேர்க்கை. இரண்டாவதன் விலை இன்னும் தாமதமாக வருகிறது. ஹீமோகுளோபின் இறங்கி ரத்தம் ஏற்ற வேண்டியதாகும். அப்படி ஏற்றப்படும் ரத்தத்துக்கு எதிராக உடலில் எதிர்ப்பொருள்கள் உண்டாகலாம்; பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது அதனால் கடினமாகும். ஊசியில் மிச்சம் பிடித்த 400 ரூபாய், நோயிலிருந்து வெளியேறும் வழியையே அடைக்கக்கூடும்.

காப்பீட்டின் எல்லையும் சேர்க்கைகளில்தான் வெளிப்படுகிறது. ஒரு தடவைக்கு 2,000 என்றால் ஆண்டு டயாலிசிஸ் 3,12,000. ஐந்து லட்சத்தில் 1,88,000 மிச்சம் என்று பாலிசியைப் பார்த்து நிம்மதி அடையலாம். ஆனால் கணவருக்குக் கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டிருக்கிறது. அதில் கிருமி தொற்றி இரண்டு தடவை சேர்க்க நேர்ந்து, தடவைக்கு 1,20,000 ஆனதாக வைத்துக்கொள்வோம். மிஞ்சும் 2,60,000 ரூபாய் 130 தடவைக்குத்தான் வரும். பாக்கி 26 தடவை, 52,000 ரூபாய், கையிலிருந்து. தீர்ந்த தொகையை மீண்டும் நிரப்பித் தருவதாகச் சொல்லும் பாலிசிகள் பலவற்றில், அதே நோய்க்கு அந்த நிரப்புத் தொகை பொருந்தாது என்ற விதியும் இருக்கிறது. காப்பீடு ஒரு சம்பவத்துக்காக வடிவமைக்கப்பட்டது: விபத்து, அறுவை, வீடு திரும்பல். ஆண்டு முழுக்க நீளும் சிகிச்சையை அந்தச் சட்டகத்துக்குள் திணிக்கும்போது இப்படித்தான் ஆகும்.

ஆகையால் திட்டமிடல் டயாலிசிஸுக்கு முன்பே தொடங்க வேண்டும். சிறுநீரகம் தேறாது என்று மருத்துவர் சொல்லும் கட்டத்திலேயே கையில் ஃபிஸ்டுலா போட்டுக்கொண்டால் கழுத்துக் குழாயைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். தமனியையும் சிரையையும் இணைக்கும் சிறிய அறுவை அது. இணைத்த சிரை தடித்து, ஊசி தாங்கும் பக்குவம் அடைய ஆறு முதல் எட்டு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம் ஆகும். அதனால்தான் அவசரத்தில் டயாலிசிஸுக்கு வருபவருக்குக் கழுத்துக் குழாய் தவிர வழி இருப்பதில்லை. போட்ட பிறகு அந்தக் கையில் பிபி பார்க்கவோ ரத்தம் எடுக்கவோ விடக்கூடாது. தினமும் காலையில் விரல் வைத்துப் பார்த்தால் பூனையின் கழுத்தைத் தொட்டது போல ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுபோனால் ரத்தம் உறைந்துவிட்டது என்று சந்தேகித்து, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நாளை என்று தள்ளினால் மறுபடியும் கழுத்துக் குழாய்க்கே திரும்ப வேண்டியிருக்கும். காசு செலவில்லாத இந்தக் காலைச் சோதனையும் குடும்ப பட்ஜெட்டின் ஓர் உறுப்புதான்.

பிரீமியத்தை எங்கே வைப்பது என்பது கடைசிக் கேள்வி. மேலே கண்ட கணக்கில் பாலிசித் தொகை தீர்ந்து, கைக்காசில் டயாலிசிஸ் ஓடுவது பாலிசி ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில். புதுப்பிக்கும் தேதி வருவதும் அதே வேளையில்தான். டயாலிசிஸில் இருப்பவருக்குப் புதிய பாலிசி கிடைப்பது அநேகமாக நடக்காத காரியம்; கையில் இருப்பதை விட்டுவிட்டால் அடுத்த ஆண்டின் 156 தடவையும் சொந்தச் செலவு. எனவே பிரீமியத்தை ஆண்டு முடிவின் கையிருப்பை நம்பி விடாமல், புதுப்பித்த மறுமாதமே பன்னிரண்டில் ஒரு பங்கு வீதம் ஒதுக்கத் தொடங்க வேண்டும். மாதம் 1,850 மிஞ்சும் வீட்டில் அதற்கு இடம் இல்லை. ஷிப்ட் மாறி வந்த 3,900 இருந்தால் இருக்கிறது.